புதுப்பிப்பு: பரோட்டாக் கல்லும் எண்ணெய்ப் புகையும்

போன மாதம் நான் கேட்டது: "மேலே புகையை இழுக்கும் ஹூட் இருந்தும் பரோட்டாக் கல் புகை உள்ளேயே திரும்புகிறது. புகையை வெளியே கொண்டுபோகும் டக்ட்டைப் பெரிதாக்கினால் போதுமா? தீப்பிடித்தால் டக்ட்டை அடைக்கும் ஃபயர் டேம்பர் எங்கே வைப்பது?"

முதல் குற்றம் டக்ட்டில் இல்லை. கல்லின் முன்விளிம்பு ஹூட்டைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. கல்லைச் சுவர்ப்பக்கம் தள்ளி, ஹூட் எல்லாப் பக்கமும் 150 மி.மீ. வெளியே நிற்கும்படி செய்தோம். பாதிப் புகை அன்றே அடங்கியது.

அப்புறம் கணக்கு. ஹூட் வாய் 2.4 x 1.2 மீட்டர். வாயில் வினாடிக்கு 0.4 மீட்டர் வேகம் வைத்தால் வினாடிக்கு 1.15 கனமீட்டர் காற்று. டக்ட் செய்து தரும் ஃபேப்ரிகேட்டர் அண்ணன் "600க்கு 600 மி.மீ. டக்ட் போடுங்க, இரைச்சல் இருக்காது" என்றார். இரைச்சல் குறையும், உண்மைதான். ஆனால் டக்ட்டுக்குள் வேகம் வினாடிக்கு 3.2 மீட்டராக விழும், எண்ணெய் வழியிலேயே படியலாம். 450க்கு 300 போட்டோம், 8.5 மீட்டர் வருகிறது. இரண்டு வாரம் கழித்து வளைவிலுள்ள கதவைத் திறந்து விரலால் தடவினேன். மெல்லிய பிசுக்குதான், சொட்டு இல்லை.

டேம்பர் விஷயத்தில் எங்கள் மூத்த இன்ஜினியர் சார் உறுதியாகச் சொன்னார்: எண்ணெய் டக்ட்டில் சாதாரண டேம்பர் கூடாது, பிசுக்கு ஏறித் தகடு இறுகிவிடும். எண்ணெய் டக்ட்டுக்கென்றே சான்று பெற்றது மட்டும் விதிவிலக்கு. எனவே டக்ட்டைத் தீ தாங்கும் உறைக்குள் கொண்டுபோனோம். சுவரைக் கடக்கும் புதுக்காற்று டக்ட்டில் டேம்பர் வைத்தோம். கட்டட உரிமையாளர் இன்னும் "எல்லாச் சுவரிலும் வேண்டும்" என்கிறார், பேச்சு நடக்கிறது.

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் இதே கணக்கு ஏசி டக்ட்டுக்கும் ஆகுமா என்று கேட்டிருந்தார். அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.