இரண்டில் வைத்தால் கரண்ட் மிச்சமா? மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிய கதை

மொட்டைமாடி வீடு, தண்டையார்பேட்டை

எங்கள் வீட்டில் இது பல வருடச் சண்டை. அப்பா நடு ராத்திரியில் எழுந்து ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் படுப்பார். அத்தான் வரும்போதெல்லாம், “மாமா, நீங்கள் எதில் வைத்தாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும். ஃபேனுக்குப் போகாத கரண்டை அந்த ரெகுலேட்டர் எரித்துத் தீர்த்துவிடும். பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள், அதுதான் நிஜமாகவே மெதுவாகச் சுற்றும்” என்பார். அப்பா பதில் சொல்லமாட்டார். ராத்திரி மறுபடியும் இரண்டில் வைப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் எங்கள் மீட்டரில், ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. சின்னச் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னினால் 3200இல் ஒரு பங்கு யூனிட் செலவு என்று பொருள். 1125ஐ ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும். ஃபிரிட்ஜ், டி.வி. பெட்டி, இன்டர்நெட் பெட்டி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஹால் ஃபேனை மட்டும் ஓடவிட்டேன். அக்கா பையன் மீட்டர் அடியில் நின்று “மின்னிச்சு” என்று கத்த, மேலே நான் செல்போனில் நொடி பார்த்தேன். முதல் தடவை கணக்குத் தப்பிவிட்டது. தொடங்கும்போது மின்னியதையே அவன் ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டான். அதைச் ‘சைபர்’ என்று சொல்லவைத்து மறுபடி எடுத்தோம்.

ஹாலில் இருப்பது பழைய கறுப்புப் பெட்டி ரெகுலேட்டர். ஐந்தில் வைத்தபோது பத்து மின்னலுக்கு 150 நொடி ஆனது. அதாவது 75 வாட். இரண்டில் வைத்தபோது 250 நொடி, 45 வாட். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதுபோல் சுட்டது. ஆக அத்தான் சொன்னது பாதி சரி: பெட்டி எரிக்கிறது. ஆனால் மீட்டர் ஒரே மாதிரி ஓடவில்லை.

அன்று சாயங்காலமே வண்ணாரப்பேட்டையில் ஒரு புது ரெகுலேட்டர் வாங்கி, அதே ஃபேனுக்கு மாட்டச் சொன்னேன். சுவிட்சுப் பலகைக்குள்ளேயே அடங்கிவிடும் சின்ன வகை. திருப்பினால் டக் டக் என்று நான்கு படி. ஐந்து மாதிரி முழு வேகத்தில் அதே 75. இரண்டில் பத்து மின்னலுக்கு 625 நொடி, 18 வாட். பையனுக்குப் பொறுமை போய் நடுவில் ஒருமுறை ஐஸ் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இது சரியான கணக்கா? அப்படியானால் பி.எல்.டி.சி. எதற்கு?

---

வயர்மேன், ராயபுரம்

இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். தம்பி, உங்கள் 18 வாட் தவறு. இதே வகை ரெகுலேட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்து கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்திருக்கிறேன். 0.15 ஆம்பியர் இழுக்கும். 230ஆல் பெருக்குங்கள், 34 வாட் வரும். முழு வேகத்தில் 0.34 ஆம்பியர், அது 78 வாட். ஏறக்குறையப் பாதிதான் குறையும். ரெகுலேட்டரால் பெரிய மிச்சம் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

---

காயில் கட்டுபவர், கொருக்குப்பேட்டை

வயர்மேன் அண்ணா, உங்கள் ஆம்பியரில் தப்பில்லை, பெருக்கலில்தான் தப்பு. பழைய பெட்டிக்குள் இருப்பது சுருள் கம்பி. அதற்கு நீங்கள் பெருக்கினால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். புது வகைக்குள் இருப்பது இரண்டு, மூன்று கண்டென்சர். கண்டென்சர் கரண்டை வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிடும் சாதி. அந்தப் போக்குவரத்தும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியராகத் தெரியும், வீட்டு மீட்டரில் யூனிட்டாக ஏறாது. நமக்குப் பில் வருவது யூனிட்டுக்கு. அதனால் தம்பி சிவப்பு விளக்கை எண்ணியதுதான் நியாயமான வழி.

ஆனால் தம்பியிடம் ஒரு கேள்வி. பழைய பெட்டியின் இரண்டும் புதியதன் இரண்டும் ஒரே வேகமா? ரெகுலேட்டரில் எழுதியிருக்கும் எண் வெறும் எண்தான். புதியது இன்னும் மெதுவாகச் சுற்றவைத்து 18 காட்டியிருந்தால் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரு இறக்கையில் வெள்ளை டேப் ஒட்டிப் பத்து நொடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்.

---

கடலோரக் காற்று, காசிமேடு

எனக்கும் இதே சந்தேகம்! எங்கள் அறை ஃபேன், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஒரு வருடமாக இப்படித்தான். மோட்டாரே மெதுவாகிவிட்டது, கரண்ட் மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

---

காயில் கட்டுபவர், கொருக்குப்பேட்டை

அக்கா, அது மிச்சம் இல்லை, நோய். ஃபேனின் மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சர் செத்துக்கொண்டிருக்கிறது. 2.5 என்று எழுதியிருக்கும், அளந்தால் ஒன்றரைக்குக் கீழே காட்டும். மோட்டார் திணறிக்கொண்டு ஓடிச் சூடாகும், ஒருநாள் காயில் எரிந்து என்னிடம் வரும். அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் கண்டென்சர். இறுக்கமாக நின்றால் பேரிங். மாற்றச் சில பத்து ரூபாய்தான் ஆகும்.

---

மொட்டைமாடி வீடு, தண்டையார்பேட்டை

டேப் ஒட்டி எண்ணினேன் அண்ணா. பழைய பெட்டியை ஒரு மணி நேரம் மறுபடி மாட்டவேண்டி வந்தது. அதில் இரண்டில் பத்து நொடிக்கு 30 சுற்று, புதியதில் 31. முழு வேகத்தில் கண்ணால் எண்ண முடியவில்லை. செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து எண்ணியதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 370.

கீழ்வீட்டில் பி.எல்.டி.சி. ஃபேன் இருக்கிறது. அவர்கள் மீட்டரும் 3200தான். கெஞ்சி அனுமதி வாங்கினேன். முழு வேகத்தில் பத்து மின்னலுக்கு 375 நொடி, 30 வாட். ரிமோட்டில் இரண்டு வைத்தால் பத்து நொடிக்கு 32 சுற்று. ஒரே ஒரு மின்னலுக்கு 160 நொடி காத்திருந்தோம். 7 வாட்! அத்தானுக்குப் போன் செய்து சொன்னபோது அவர் குரலில் ஒரு சந்தோஷம். ஆனால் ஒன்று புரியவில்லை. கண்டென்சர் எதையும் எரிப்பதில்லை என்றால், ஒரே வேகத்துக்கு 18 எங்கே, 7 எங்கே?

---

காயில் கட்டுபவர், கொருக்குப்பேட்டை

இங்கேதான் உங்கள் அத்தானின் ‘நிஜமாகவே மெதுவாகச் சுற்றும்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறது. சாதாரண ஃபேனில் காயிலுக்குள் ஒரு காந்தப்புலம் சுற்றுகிறது. நான் கட்டும் ஃபேன்களில் பெரும்பாலும் 14 துருவம். நம் 50 சுழற்சி கரண்டுக்கு அந்தப் புலம் நிமிடத்துக்கு 428 சுற்றுச் சுற்றும். நீங்கள் ரெகுலேட்டரை எதில் வைத்தாலும் அது 428தான். ரெகுலேட்டர் அதன் பிடியைத் தளர்த்துகிறது, வேகத்தைத் தொடுவதில்லை. முழு வேகத்தில் ஃபேன் 370இல் பின்னாலேயே ஓடுகிறது. இரண்டில் வைத்தால் புலம் 428இல் ஓட, ஃபேன் 180இல் வழுக்கிக்கொண்டு போகிறது. சைக்கிளில் பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டு மிதிப்பதுபோல. சுற்றும் பகுதிக்குப் போய்ச் சேரும் கரண்டில் பாதிக்கு மேல் அந்த வழுக்கலிலேயே சூடாகப் போய்விடும். காயிலின் சூடு தனி.

அப்படியும் 75இலிருந்து 18க்கு இறங்கியது எப்படி என்றால், அது காற்றின் கருணை. வேகம் பாதியானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். உங்கள் ஃபேன் இரண்டில் காற்றுக்குக் கொடுப்பது மூன்று, நான்கு வாட்தான் இருக்கும். மீதி எல்லாம் சூடு. பி.எல்.டி.சி.யில் உள்ளே ஒரு பலகை புலத்தையே 190க்கு மெதுவாக்கிவிடுகிறது. ஃபேன் அதோடு ஒட்டிச் சுற்றுகிறது, வழுக்கல் இல்லை. அந்த 7 வாட்டில் கொஞ்சம் பலகை தின்பது, மீதி காற்று.

அத்தானிடம் இதையும் சொல்லுங்கள். டேபிள் ஃபேனில் மூன்று பொத்தான் இருக்கிறதே, அது நிஜமாக மெதுவாகும் மோட்டார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அங்கேயும் அதே புலம், அதே வழுக்கல்.

---

இ.எம்.ஐ. குடும்பம், பெரம்பூர்

கணக்கைப் பணமாகப் பாருங்கள். ராத்திரி 10 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 600 மணி நேரம். புது ரெகுலேட்டரில் உங்கள் அப்பா ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கியதால் மிச்சம் 57 வாட், அதாவது 34 யூனிட். சும்மா கையைத் திருப்பிக் கிடைத்தது. அதன்மேல் பி.எல்.டி.சி. வாங்கி அதையும் இரண்டிலேயே ஓட்டினால் கூடுதல் மிச்சம் 11 வாட், அதாவது 6.6 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் பில்லுக்கு 33 ரூபாய். மூவாயிரம் ரூபாய் ஃபேனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆனால் எங்கள் வீட்டில் மாமியார் ஐந்துக்குக் கீழே விடமாட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவர் மேல் தவறில்லை. அங்கே 75க்கும் 30க்கும் வித்தியாசம் 45 வாட், ஒரு பில்லுக்கு 27 யூனிட், பகலிலும் ஓடினால் அதற்கும் மேலே. 500 யூனிட்டைத் தாண்டும் விளிம்பில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய தொகை. பி.எல்.டி.சி. வேகமாக ஓட்டுபவர்களுக்குத்தான் காசைத் திருப்பித் தரும். மெதுவாக ஓட்டுபவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் முதலில் படுக்கை அறைக்கு வாங்கினேன்; இப்போது ஹாலுக்கு மாற்றிவிட்டேன்.

---

அனுபவம் பேசுகிறது, வியாசர்பாடி

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் மாட்ட வந்தவர் பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே பி.எல்.டி.சி.யை இணைத்துவிட்டார். என் மகள் பழக்கதோஷத்தில் சுவரில் இரண்டுக்குத் திருப்பினாள். ஃபேன் விட்டுவிட்டு ஓடியது, உர்ரென்று சத்தம். மூன்றாம் வாரம் பலகை போய்விட்டது. ரெகுலேட்டர் போட்டதால் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுவிட்சோடு நேராக இணைக்கச் சொல்லுங்கள்.

---

வயர்மேன், ராயபுரம்

நானும் இரண்டு வீட்டில் அப்படி இணைத்திருக்கிறேன், நாளைக்கே போய் மாற்றிவிடுகிறேன். கிளாம்ப் மீட்டர் விஷயத்தில் காயில்காரர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் நானே எண்ணிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளமாட்டேன். படியில்லாமல் வழுவழுவென்று சுற்றும் குமிழ் ரெகுலேட்டர் இருக்கிறதே, அதில் என்ன காட்டும்? குறைத்து வைத்தால் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகும். அந்த முனகலுக்கும் கரண்ட் போகத்தானே செய்யும்?

---

காயில் கட்டுபவர், கொருக்குப்பேட்டை

அந்த வகை ஒவ்வொரு அலையிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பும். வெட்டுப்பட்ட கரண்டில் காயில் முனகும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பழைய பெட்டியைவிட நிச்சயம் குறைவுதான். கண்டென்சர் வகையைவிட எவ்வளவு கூடும் என்பதை யாராவது எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

---

மொட்டைமாடி வீடு, தண்டையார்பேட்டை

உள்ளறையில் அந்தக் குமிழ் வகை இருக்கிறது. வரும் ஞாயிறு எண்ணிவிடலாம். ஆனால் போன வாரம் ஃபிரிட்ஜை மூன்று மணி நேரம் அணைத்து வைத்ததில் இட்லி மாவு புளித்துவிட்டதாம். இந்த முறை மாவு தீர்ந்தபிறகுதான் அனுமதி என்று அம்மா சொல்லிவிட்டார்.