ஃபிளாஷ் அழியும் நேரத்தில் தொலையும் பைட்டுகள்: உங்கள் அனுபவம்?

மின்மினி
புளூ பில் போர்டு, 72 மெகாஹெர்ட்ஸ். `USART1`-இல் ஜி.பி.எஸ். மாட்யூல், 115200 பாட், வினாடிக்கு 10 தடவை தகவல். மெயின் லூப்பில் போலிங் செய்தபோது, டிஸ்பிளேவுக்கு எழுதும் நேரமெல்லாம் எழுத்துகள் விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான். இன்டரப்டுக்கு மாற்றியதும் மணிக்கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் செட்டிங்ஸைச் சேமிக்கும் பட்டனை அழுத்தினால் லாகில் இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது:

```
$GPRMC,104512.00,A,1,28,062,35
```

தலை ஒரு வாக்கியத்துடையது, வால் `GSV` வாக்கியத்துடையது. நடுவில் இருந்த நூற்றுக்கணக்கான பைட்டுகளைக் காணோம். `SR` ரிஜிஸ்டரில் `ORE` பிட் 1. ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோவினாடி, அதாவது சுமார் 6250 கிளாக். இன்டரப்ட் ரொட்டீன் அதில் நூறைக்கூடத் தாண்டாது. பிறகு எப்படி?

ரிலே ராசு
ப்ரையாரிட்டிதான். டைமர் இன்டரப்டுக்குள்ளே `printf` வைத்திருந்த ஒரு போர்டில் இதே கூத்து. அந்த ரொட்டீன் 300 மைக்ரோவினாடி பிடித்தது, மூன்று பைட் போச்சு. சீரியல் போர்ட்டின் ப்ரையாரிட்டியை 0 ஆக்கினதும் சரியாகிவிட்டது. டி.எம்.ஏ. எல்லாம் இதுக்கு வேண்டாம்.

கரிசல்
ராசு, உங்கள் போர்டுக்கு அது சரியான வைத்தியம். இங்கே நோய் வேறு. இந்தச் சிப்பில் ஃபிளாஷின் ஒரு பேஜை அழிக்க 20 முதல் 40 மில்லிவினாடி ஆகும். புரோகிராமும் அதே ஃபிளாஷிலிருந்துதான் ஓடுகிறது. அழித்து முடிகிற வரை அடுத்த கட்டளையை எடுக்க வழியில்லாமல் பிராசஸர் அப்படியே நிற்கும். ப்ரையாரிட்டி 0 ஆக இருந்தாலும், அந்த ரொட்டீனைப் படிக்கவே முடியாதே! முதலில் வந்த பைட் `DR`-இல் தங்கும். அடுத்து வருகிறவை ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து அழியும். நீங்கள் பார்த்த வரி அதுதான், மின்மினி.

டி.எம்.ஏ.வுக்குக் கட்டளை படிக்கும் வேலையே கிடையாது. பைட் வந்ததும் `DR`-இலிருந்து எடுத்து ரேமில் போடும், அவ்வளவுதான். ஃபிளாஷ் அழிவது அதைத் தொடவே தொடாது. `USART1` பெறும் பக்கம் `DMA1`-இன் 5ஆம் சேனல். சர்க்குலர் மோடில் விட்டுவிட்டு, பிராசஸர் ஒழியும்போது இப்படி எடுக்கலாம்:

```c
head = (BUF_SIZE - DMA1_Channel5->CNDTR) % BUF_SIZE;
while (tail != head) {
    handle(buf[tail]);
    tail = (tail + 1) % BUF_SIZE;
}
```

பஃபர் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 40 மில்லிவினாடியில் அதிகபட்சம் 461 பைட் வரும். 512 போதும் என்று தோன்றும். ஆனால் அழிக்கத் தொடங்கும்போதே படிக்காத பைட்டுகள் 60 கிடந்தால் பஃபர் சுற்றி வந்து பழையதன்மேல் எழுதிவிடும். அப்போது `ORE` எழாது, பிழைக்கான அடையாளமே இருக்காது. 1024 வையுங்கள், இரண்டு பேஜை அடுத்தடுத்து அழிப்பதானால், நடுவில் ஒருமுறை பஃபரைக் காலி செய்யுங்கள்.

தெக்கத்திப்பொண்ணு
எல்லாரும் போலிங்கை ஏன் கீழே தள்ளுறீங்க? லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரைப் பாருங்க. முதல் பாக்கெட்டுக்கு ஒரு இன்டரப்ட். அதோட அந்த இன்டரப்டை அணைச்சுட்டு போலிங்தான். ஒரு சுற்றுக்கு வழக்கமா 64 பாக்கெட் வரை. அதுக்குக் குறைவா கிடைச்சா வரிசை காலின்னு அர்த்தம், இன்டரப்டைத் திரும்பப் போடும். பாக்கெட்டுக்கு ஒரு இன்டரப்ட்னு விட்டா, கூட்டம் அதிகமானப்போ பிராசஸர் உள்ளே போறதும் வெளியே வர்றதுமாவே இருக்கும். பட்டன் விஷயத்திலும் அப்படித்தான். சுவிட்ச் துள்ளும்போது ஒரு அழுத்தலுக்குப் பல இன்டரப்ட் வரும். 10 மில்லிவினாடிக்கு ஒருதரம் பார்த்து, தொடர்ந்து மூணு தரம் ஒரே நிலைன்னா ஏத்துக்கிட்டா போதும். உங்க சேமிப்பு பட்டன் இன்டரப்டிலா இருக்கு? அப்படின்னா ஒரு அழுத்தலுக்கு எத்தனை தரம் பேஜ் அழியுதுன்னு எண்ணிப் பாருங்க.

மின்மினி
அக்கா, கேட்டது ஜி.பி.எஸ். பற்றி. ஆனாலும் எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவை அழிகிறது! அதைச் சரிசெய்தாயிற்று. டி.எம்.ஏ.வும் 1024 பஃபரும் போட்ட பிறகு 50 தடவை சேமித்தும் ஒரு செக்சம் பிழைகூட இல்லை.

ரிலே ராசு
ஃபிளாஷ் விஷயம் எனக்குப் புதுசு, ஒத்துக்கிறேன். ஆனா வெக்டர் டேபிளையும் அந்த ரொட்டீனையும் ரேமுக்கு மாற்றினா இன்டரப்டே போதுமே?

கரிசல்
போதும். ஆனால் பேஜை அழித்து முடிகிற வரை காத்திருக்கும் ஃபங்ஷனும், அந்த ரொட்டீன் கூப்பிடுகிற ஒவ்வொரு ஃபங்ஷனும் ரேமில் இருக்க வேண்டும். ஒன்று ஃபிளாஷில் தப்பியிருந்தாலும் பிராசஸர் அங்கேயே நின்றுவிடும். மேப் ஃபைலில் முகவரி `0x2000` என்று தொடங்குகிறதா என ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ரிலே ராசு
`IDLE` இன்டரப்ட் வந்ததும் பஃபரைப் பார்ப்பதா, 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை `CNDTR`-ஐப் பார்ப்பதா? என் மாட்யூல் வாக்கியத்தின் நடுவிலேயே மூச்சு வாங்குது. ஒரு பைட் நேரம் லைன் சும்மா இருந்தாலே `IDLE` எழுந்துடுது.

கரிசல்
ஜி.பி.எஸ்.ஸுக்கு நான் 10 மில்லிவினாடி பக்கம். வாக்கியம் முடிந்ததா என்பதை வரிமுடிவு சொல்லட்டும்.

தெக்கத்திப்பொண்ணு
மாட்பஸ் ஆர்.டி.யூ. மாதிரி வரிமுடிவே இல்லாததுக்கு என்ன பண்றது?