புதுப்பிப்பு: அறையில் தினமும் குடிப்பது பற்றி

நான் முன்பு கேட்டது: "லீவு நாளில் மட்டும் அறை நண்பர்களோடு குடித்தேன். இப்போது தினமும் ஆகிவிட்டது. குடிக்காவிட்டால் தூக்கம் வருவதில்லை. வீட்டு ஞாபகம்தான் காரணமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒருவர் தன் கடன் கதையையே முழுக்க எழுதிவிட்டுப் போனார், சரி. இன்னொருவர், "இன்றே மொத்தமாக நிறுத்து, மன உறுதி போதும்" என்றார். அது பாதிதான் சரி. செவிலியராக வேலை பார்க்கும் ஒருவர் முதலில் கேட்டது, காலையில் கை நடுங்குகிறதா என்றுதான். நடுங்கினால் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம், மருத்துவரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். எனக்கு நடுக்கம் இல்லை.

தூக்கத்தைப் பற்றி அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. மது சீக்கிரம் தூங்க வைக்கும்; அது இறங்கும்போது பின்னிரவில் விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில்தான் எனக்கு வீட்டு நினைப்பு அதிகம். மறுநாள் அசதி, அதற்கு மறுபடி ஒரு கிளாஸ்.

இப்போது பாட்டிலுக்குப் பங்குப் பணம் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் குடிக்காமல் எழுந்து வர மனம் வராது. முதல் சில இரவுகள் தூக்கமே இல்லை, அப்புறம் பரவாயில்லை. வீட்டுக்குப் போன் பேசுவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

அறையில் மூத்தவர், "என்னப்பா, எங்களை ஒதுக்குறியா?" என்கிறார். லீவு நாளில் அவர்களோடு உட்காருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.