புதுப்பிப்பு: சேலைக்கு இனி 'எல்லை' இல்லை

போன மாசம் நான் கேட்டது: "எங்க கடைச் சேலை விவரங்களை ஏஐ மாடல் வச்சு தமிழாக்குறோம். பார்டரை 'எல்லை'ன்னு எழுதுது. சொல்பட்டியல் கொடுத்தா திருந்துமா?"

திருந்திடுச்சு, பாதி. ஒரு தம்பி சொன்னபடி பட்டியல் முழுசையும் ப்ராம்ப்டில் போட்டேன். 'எல்லை' போய் 'கரை' வந்தது. ஆனா பட்டியலில் இருந்த 'சரிகை' சாதா பருத்திச் சேலை விவரத்திலும் முளைச்சது! அந்தந்தச் சேலைக்கு வேண்டிய வரிகளை மட்டும் அனுப்பச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு நன்றி. ப்ராம்ப்டில் 'எழுதக் கூடாதது'ன்னு தனிப் பத்தி வச்சதும் அவங்க யோசனைதான்.

பட்டியல் சொல் வந்திருக்கான்னு ஸ்கிரிப்ட் வச்சுப் பார்க்கிற சரிபார்ப்புதான் இன்னும் இழுக்குது. 'checks' டிசைனுக்கு 'கட்டம்'னு வச்சோம். 'கட்டங்கள்', 'கட்டத்தில்' வந்தா ஸ்கிரிப்ட் தப்புங்குது. 'கட்ட'ன்னு தேடினா 'கட்டணம்' மாட்டுது. இப்போதைக்கு உருபேற்ற வடிவங்களையும் கையால் சேர்க்கிறேன்.

மிக்ஸி ஜாரை 'ஜாடி'ன்னு எழுதுதுன்னு புலம்பின அண்ணே, உங்களுக்கும் அந்த 'எழுதக் கூடாதது' பத்திதான் வழி. பட்டியலில் வைக்க வேண்டியது 'முந்தானை'யா, 'முந்தி'யா? கடையில் இன்னும் சண்டை.