ஒரே தோளில் சேலைப் பை: 'அவனியாபுரம் சொந்தங்கள்' குழுவில் ஒரு மாலை

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். மலர், தசை, மூட்டு வலியெல்லாம் பார்ப்பவள் நீ, உன்னிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கலாம் என்று குழுவிலேயே எழுதுகிறேன். சுங்குடிச் சேலைப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு அண்ணா நகர், கே.கே. நகர் வீடுகளுக்குப் போய் விற்று வருவது உங்களுக்குத் தெரியும். சில வாரங்களாகக் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், வலது பக்கம் மட்டும், கல்லாக இறுகி வலிக்கிறது. மாலையில் தலையைத் திருப்பிப் பார்க்கவே சிரமமாக இருக்கிறது. பையைச் சுமந்து நடக்கும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. இறக்கி வைத்தால் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது.

பாண்டி பெரியப்பா: இது கழுத்து எலும்புத் தேய்மானம், செல்வி. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கழுத்துக்குப் பட்டை வாங்கிப் போட்டுக்கொள். அதோடு, ஒரு நாள் வலது தோள், மறு நாள் இடது தோள் என்று மாற்றி மாற்றிச் சுமந்தால் போதும், பையை மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது.

கல்யாணி பாட்டி: எனக்கும் இதே வலிதான், செல்வி. வலது கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கை கொக்கி மாட்ட முடிவதில்லை, தலை வார முடிவதில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் முடிவதில்லை. நான் எந்தப் பையும் தூக்குவதில்லையே, எனக்கு ஏன் வருகிறது?

மலர்: சித்தி, முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். பையில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாக மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி அனுப்புங்கள். பிறகு, வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு நில்லுங்கள், பின்பக்கமிருந்து யாராவது படம் எடுத்து அனுப்பட்டும். அதற்காக நிமிர்ந்து நிற்க வேண்டாம்.

செல்வி: நிறுத்துவிட்டேன். 14 சேலைகள் 6.6 கிலோ. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் நிறைய ஊற்றியபோது 1.3 கிலோ. சாப்பாட்டு டப்பா 700 கிராம். கணக்கு நோட்டு, பர்ஸ், குடை எல்லாம் சேர்ந்து 600 கிராம். வெறும் பை அரைக் கிலோ. ஆக மொத்தம் 9.7 கிலோ வருகிறது. இவ்வளவு கனம் என்று நினைக்கவே இல்லை. படமும் அனுப்பியிருக்கிறேன்.

மலர்: படத்தைப் பாருங்கள் சித்தி. வலது தோள் காதை நோக்கி உயர்ந்திருக்கிறது, இடுப்புக்கு மேல் உடம்பு இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, தலை அந்தச் சாய்வை ஈடுகட்டித் தன்னை நேராக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. கனம் தோளைக் கீழே இழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், ஆனால் பையின் பட்டை நழுவி விழாமல் இருக்க நாம் நம்மையறியாமல் தோளைத் தூக்கிப் பிடிக்கிறோம். கழுத்திலிருந்து தோள் நுனி வரை போகும் அந்தத் தசை, நீங்கள் நடக்கும் நேரம் முழுவதும் ஓய்வில்லாமல் சுருங்கியே இருக்கிறது. சுருங்கியே இருக்கும் தசையில் இரத்த ஓட்டம் குறையும், அதனால்தான் கல்லாக இறுகுகிறது. பேருந்தில் நின்றுகொண்டு அதே வலது கையால் மேலே கம்பியைப் பிடிக்கிறீர்களா?

செல்வி: ஆமாம், பெரியார் பேருந்து நிலையம் வரை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போவேன். வலது கைதானே வாகாக இருக்கிறது.

மலர்: அப்படியானால் சுமையும் இழுப்பும் ஒரே தசைக்குத்தான் போகின்றன. விரல் மரத்துப்போவதற்குக் காரணம் வேறு. காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் அடியில், கைக்குப் போகும் நரம்புகள் கட்டாக இறங்குகின்றன. ஒல்லியான பட்டை அந்தப் பள்ளத்தில் அழுத்தினால், சுண்டு விரல் பக்கத்துக்குப் போகும் நரம்பு முணுமுணுக்கத் தொடங்கலாம். இறக்கி வைத்ததும் போய்விடுவது நல்ல அறிகுறி. ஆனால் இறக்கிய பின்னும் மரப்பு நீடித்தால், இரவில் எழுப்பினால், அல்லது சாவி திருப்ப, டம்ளர் பிடிக்க வலுவில்லாமல் போனால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெரியப்பா, தேய்மானம் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். சித்தி ஒன்று செய்து பார்க்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் வலது முழங்கையைத் தாங்கவைத்து ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். தோளின் பாரம் இறங்கியதும் வலி குறைந்தால், காரணம் பெரும்பாலும் சுமைதான். அண்ணாந்து, வலி இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்க்கும்போது கழுத்திலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்வது போல வலி ஓடினால், கழுத்து நரம்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செல்வி: தலையணை வைத்துப் பார்த்தேன். பாதி வலி போய்விட்டது. அண்ணாந்து சாய்த்தால் அந்த இடத்தில் இழுக்கிறது, கைக்கு எதுவும் ஓடவில்லை.

பாண்டி பெரியப்பா: சரி, தேய்மானத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் தோள் மாற்றிச் சுமப்பது தவறா?

மலர்: தவறில்லை பெரியப்பா, பாதி சரி. ஒரு நாள் முழுக்க வலது, மறு நாள் முழுக்க இடது என்றால், வலி இரண்டு தோளுக்கும் பங்காகும், அவ்வளவுதான். மாற்றுவதானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டையைக் குறுக்கே போட்டுக்கொள்வது கொஞ்சம் மேல், ஏனென்றால் பட்டை நழுவாது, தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கனம் ஒரு பக்கமாகவே தொங்கும், பட்டை கழுத்தின் அடியை அழுத்தும். மூன்று கிலோ வரை அது தாங்கும், ஒன்பது கிலோவுக்கு உதவாது. கழுத்துப் பட்டை வேண்டவே வேண்டாம். தசைக்கு வேலை கொடுக்காமல் நாள்கணக்கில் கட்டிவைத்தால் அது இன்னும் பலவீனமாகும்.

கல்யாணி பாட்டி, உங்களுடையது வேறு கதை. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் மூட்டே இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வரும். அதற்குப் பையை மாற்றுவது மருந்தாகாது. சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு, எலும்பு மருத்துவரிடம் தோளைக் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள்.

கல்யாணி பாட்டி: எனக்குச் சர்க்கரை இருப்பதை நீ மறக்கவில்லையே, அதுவே போதும். நாளைக்கே உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.

முருகேசன்: அக்கா, சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவிடலாமே. தோளுக்கு வேலையே இல்லை.

செல்வி: யோசித்தேன் தம்பி. பேருந்துப் படியில் ஏற்ற இறக்க வேண்டும், பிறகு வீடுகளுக்கு மாடிப்படி ஏற வேண்டும். அப்போது முழு கனத்தையும் ஒரே கையில்தான் தூக்க வேண்டியிருக்கும்.

மலர்: சித்தி சொல்வது சரிதான், அந்தப் பாதைக்குப் பெட்டி ஒத்துவராது. இரண்டு பட்டை உள்ள முதுகுப் பைதான் ஏற்றது. ஆனால் பையை மாற்றுவதற்கு முன்னால் கனத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் எடை 58 கிலோ என்று போன மாதம் சொன்னீர்கள், அப்படியென்றால் நீங்கள் சுமப்பது உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரியவர்களுக்கு அப்படிக் கறாரான வரம்பு கிடையாது, ஆனாலும் நாள்தோறும் சுமப்பவர்கள் அந்தப் பத்தில் ஒன்றை ஒட்டியே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

14 சேலைகளில் ஆறை எடுத்துவிட்டால் எட்டுச் சேலை, 3.8 கிலோ. தண்ணீரை அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால் 600 கிராம், போகிற வீட்டில் நிரப்பிக்கொள்ளலாம். டப்பாவும் மற்றவையும் அப்படியே 1.3 கிலோ. முதுகுப் பை சுமார் 900 கிராம் இருக்கும். கூட்டினால் 6.6 கிலோ, அதுவும் இரண்டு தோளுக்கும் பிரிந்து விழும்.

செல்வி: ஆறு சேலையை எடுத்துவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்? எல்லா நிறத்தையும் விரித்துக் காட்டினால்தான் யாராவது ஒன்றை எடுப்பார்கள். படம் காட்டினால், துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

முருகேசன்: அதற்கு ஒரு வழி இருக்கிறது அக்கா. தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் மீதிச் சேலையை வைத்துவிடுங்கள். கே.கே. நகர் போகும் வழிதானே, எட்டை எடுத்துக்கொண்டு போய், வேண்டுமென்றால் வந்து மாற்றிக்கொள்ளலாம். நான் ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரம் வரும்போது வண்டியில் ஒரு கட்டாக எடுத்துப் போகிறேன்.

மலர்: அதுதான் மாமா, சுமையைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சித்தி, பை வாங்கும்போது பட்டையை விரலால் அளந்து பாருங்கள், குறைந்தது மூன்று விரல் அகலமும் உள்ளே மெத்தென்ற பஞ்சும் இருக்க வேண்டும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சின்னக் கொக்கி இருந்தால் இன்னும் நல்லது, பட்டை வெளிப்பக்கம் சரியாது. சேலைகளை மடிப்போடு செங்குத்தாக, முதுகை ஒட்டி முதலில் வையுங்கள், டப்பாவையும் பாட்டிலையும் ஆளுக்கொரு பக்கப் பையில் வையுங்கள். கனம் முதுகைவிட்டுத் தள்ளிப்போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், வலி கழுத்தின் பின்பக்கத்துக்கு இடம் மாறும். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்காதபடி பட்டையை இறுக்குங்கள். தரையிலிருந்து வீசி மாட்டாமல், மேஜை உயரத்தில் வைத்துத் திரும்பி மாட்டுங்கள். பேருந்தில் உட்கார்ந்தால் மடியில், நின்றால் இரண்டு கால்களுக்கும் நடுவே.

செல்வி: மடிப்புக் கலைந்துவிடுமோ என்றுதான் பயம். கஞ்சி போட்ட சேலை செங்குத்தாக நின்றால் அடி மடிந்துவிடும்.

மலர்: அது எனக்குத் தெரியாத வேலை சித்தி, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு தடித்த அட்டையை வைத்தால் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றுகிறது.

இப்போதைக்கு இரண்டு மூன்று நாள் பாதிக் கனத்தோடு போங்கள். வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம், மாலையில் கொடுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி ஐந்து வினாடி வைத்து விடுங்கள், பத்து முறை, அடுத்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன் நின்றுகொண்டே செய்யலாம். பிறகு தலையை இடது பக்கம் மெதுவாகச் சாய்த்து, வலது பக்கம் இழுப்பதை உணர்ந்து இருபது வினாடி நிறுத்துங்கள், கையால் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மூன்று வாரத்தில் தெளிவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் நேரில் வாருங்கள், நான் தொட்டுப் பார்க்காமல் இதற்குமேல் சொல்லக் கூடாது.

பாண்டி பெரியப்பா: செல்வி, என்னிடம் பயணத்துக்கு வாங்கிய முதுகுப் பை ஒன்று கிடக்கிறது, பட்டை நல்ல அகலம். அளவு சரியா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் எடுத்துக்கொள்.

செல்வி: நல்லது அத்தான், நாளை காலை வருகிறேன். முருகேசா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீ எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவாயே, நான் பதினொரு மணிக்குத் தல்லாகுளம் வந்தால் வீட்டைத் திறந்துவிட யார் இருப்பார்கள்?

முருகேசன்: என் மனைவியும் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பாள் அக்கா. மாடியில் குடியிருப்பவர்களிடம் சாவி கொடுத்துவைக்கலாமா என்று கேட்டுவிட்டு இரவில் சொல்கிறேன்.