எஸ்எஸ்டி ஸ்க்ரூ தலை தேஞ்சுபோச்சு, கழற்ற வழி சொல்லுங்க

காட்பாடி_பையன்: லேப்டாப்புல 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டிய எடுத்துட்டு 1 டிபி போடணும். போன வருஷம் ஒரு கடையில திறந்தப்பவே ஸ்க்ரூவ இறுக்கிட்டாங்க போல. நான் ஸ்டார் பிட் வெச்சு ரெண்டு சுத்து சுத்தினேன், நடுக்குழி வட்டமா ஆயிடுச்சு. ரப்பர் பேண்ட் வெச்சு அழுத்தியும் பார்த்துட்டேன். நெம்பி எடுக்கலாமா?

ராணிப்பேட்டை_மணி: ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு பிட்ட ஒட்டிடு, காஞ்சதும் திருப்பு. எனக்கு வந்துது.

குடியாத்தம்_சர்வீஸ்: தம்பி, நெம்பாத. போர்டு வளைஞ்சா சிப்புக்கு அடியில இருக்கற ஈயம் விட்டுடும், ஸ்லாட்டும் பிச்சிக்கும். மணி சொன்ன ஃபெவிக்விக் பெரிய ஸ்க்ரூவுக்கு சரி. இது 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, கொஞ்சம் வழிஞ்சாலும் மரைக்குள்ள போயி நிரந்தரமா ஒட்டிக்கும். ட்ரில்லும் வேணாம், இரும்புத்தூள் போர்டுல விழும்.

முதல்ல பேட்டரி கனெக்டர கழட்டு. ஸ்க்ரூ தலை எஸ்எஸ்டிக்கு மேல கொஞ்சம் தூக்கலா நிக்கும் பாரு. குழிய மறந்துட்டு அந்த ஓரத்த பிடி. சின்ன கட்டிங் பிளேயர், இல்ல நல்ல நெயில் கட்டர். வெட்டற மாதிரி இல்லாம மெதுவா கவ்வி, இடப்பக்கமா கால் சுத்து. அது அசைஞ்சிட்டா அப்புறம் விரலாலயே வந்துடும்.

ஆற்காடு_ரேவதி: என்னோடது எஸ்எஸ்டி மாத்தினதும் பயாஸ்ல காட்டவே இல்ல. அதுவும் ஸ்க்ரூ பிரச்சனையா?

குடியாத்தம்_சர்வீஸ்: இல்லம்மா, அது சாட்டாவா என்விஎம்இயான்னு பாருங்க. தனியா கேளுங்க.

காட்பாடி_பையன்: அண்ணா, நெயில் கட்டர்ல அசையல, வழுக்கிட்டே இருக்கு. தலை ஓரத்துல நீலமா ஏதோ தெரியுது.

குடியாத்தம்_சர்வீஸ்: அது மரை பசை. சோல்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ தலை மேல மட்டும் பத்து செகண்ட் வை, பக்கத்துல படக்கூடாது. சூடு இறங்கறதுக்குள்ள கவ்வி திருப்பு.

காட்பாடி_பையன்: வந்துடுச்சு! ஆனா அடியில இருந்த பித்தளை நட்டும் கூடவே வந்துது. எஸ்எஸ்டியோ மேல எழும்பவே இல்ல. வழக்கமா தானா தூக்கிக்கும்ல?

குடியாத்தம்_சர்வீஸ்: அடியில சூடு கடத்தற பேட் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையர்ல ஒரு நிமிஷம் வெதுவெதுப்பு காட்டு, தையல் நூல அடியில விட்டு ரெண்டு பக்கமும் மாறி மாறி இழு. விட்டதும் ஸ்க்ரூ பக்கம் இருபது டிகிரி மாதிரி தூக்கி, அதே சாய்வுல நேரா வெளிய இழு. பக்கவாட்டுல ஆட்டாத. நட்ட பிளேயர்ல பிடிச்சு ஸ்க்ரூவ பிரிச்சு, நட்ட திரும்ப போர்டுல மாட்டிக்கோ.

காட்பாடி_பையன்: நூல் வேலை செஞ்சிது, எஸ்எஸ்டி கையில. நட்டு தான் ஸ்க்ரூவ விட மாட்டேங்குது, மரை பாதி நசுங்கியிருக்கு. வேலூர்ல தனியா நட்டு எங்க கிடைக்கும்?

ராணிப்பேட்டை_மணி: பழைய லேப்டாப் உடைச்சு விக்கற கடையில கேளு. கிடைக்கலன்னா டேப் ஒட்டி ஓட்டு.

குடியாத்தம்_சர்வீஸ்: டேப் சூட்டுல இளகி எஸ்எஸ்டி தூக்கிக்கும் மணி. தம்பி, நட்டு உயரத்த அளந்து போடு, அப்ப சொல்றேன்.