அஸ்தம்பட்டி வீட்டை விற்கிறேன்: 20 லட்சத்துக்கு மேல் டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா? குறைந்த பிடித்தச் சான்று பற்றி உதவி தேவை

மஸ்கட்_சேலத்தான் (2025 ஆகஸ்ட் 18)
அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் என் பெயரில் உள்ள வீட்டை 90 லட்சத்துக்கு விற்கிறேன். நான் வெளிநாட்டில் வசிப்பதால் 22.88 சதவீதம், அதாவது 20 லட்சத்து 59 ஆயிரம், பிடித்தம் செய்தாக வேண்டும் என்று வாங்குபவரின் ஆடிட்டர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு லாபமே இல்லை. பிடித்தத்தைக் குறைக்கச் சான்று வாங்கலாம் என்று கேள்விப்பட்டேன். செப்டம்பர் 19 அன்று கிரயம் என்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி வாசகர்
நண்பரே, 50 லட்சமும் அதற்கு மேலும் விலை போகும் சொத்துக்கு 1 சதவீதம்தான் பிடித்தம். போன ஆண்டு என் மனையை விற்றபோது வாங்கியவர் 26QB படிவம் நிரப்பி 1 சதவீதம் கட்டினார். ஒரு சிக்கலும் வரவில்லை. ஆடிட்டர் உங்களை வீணாகப் பயமுறுத்துகிறார் என்றே நினைக்கிறேன்.

ஏற்காடு அக்கா
தம்பி, அந்த 1 சதவீதம் உள்நாட்டில் வசிப்பவர் விற்றால் மட்டும்தான். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் ஏற்காட்டு வீட்டை, அவள் கொடுத்த பவரை வைத்து நான்தான் விற்றுக் கொடுத்தேன். பவர் ஏஜெண்டு உள்ளூரில் இருப்பதால் 1 சதவீதம் போதும் என்று சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். வாங்கியவருக்கு இரண்டு ஆண்டு கழித்து, குறைவாகப் பிடித்த தொகையையும் வட்டியையும் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. வீட்டின் உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் கணக்கு, கையெழுத்துப் போடுபவர் எங்கே வசிக்கிறார் என்பது அல்ல. அவர் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வரிக்கணக்கர்_67
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தேவையான விவரம் எதுவுமே உங்கள் பதிவில் இல்லை. வீடு உங்களுக்கு எப்படி வந்தது, முதலில் எந்த ஆண்டு வாங்கப்பட்டது, வாங்குபவர் ஒருவரா இருவரா, முன்பணம் கைமாறிவிட்டதா? இவை தெரியாமல் எவரும் பதில் சொல்ல முடியாது.

மஸ்கட்_சேலத்தான்
மன்னிக்கவும், ஐயா. அப்பா 1988ல் வாங்கிய வீடு. அவர் காலமான பிறகு உயில்படி எனக்கு வந்தது. வாங்குபவர் ஒருவர்தான். ஜூலை 12 அன்று 10 லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் எழுதினோம். அப்போது எந்தப் பிடித்தமும் செய்யவில்லை.

வரிக்கணக்கர்_67
அந்த முன்பணம்தான் உங்கள் சிக்கலின் முடிச்சு. முதலில் விகிதத்தைப் பார்ப்போம். வாங்குபவரின் ஆடிட்டர் சொல்லும் 22.88 சதவீதம் பழைய 20 சதவீத வரியை வைத்துப் போட்ட கணக்கு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். 50 லட்சத்தைத் தாண்டுவதால் அதன் மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும், மொத்தத்தின் மேல் 4 சதவீதச் செஸ்ஸும் சேர்ந்தால் 14.3 சதவீதம். 90 லட்சத்துக்கு 12 லட்சத்து 87 ஆயிரம். சான்று இல்லாவிட்டாலும் இதற்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை.

உண்மையான வரி இதைவிடக் குறைவு. 2001க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அப்பா கொடுத்த விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டாளர் தாராளமாக எழுதிக் கொடுப்பதும், வருமான வரி அதிகாரி அதை வெட்டுவதும் இங்கேதான். எனவே அந்த ஆண்டின் வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தாக வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

மஸ்கட்_சேலத்தான்
மதிப்பீட்டாளர் 26 லட்சம் என்று எழுதியிருக்கிறார். வழிகாட்டி மதிப்புப்படி நிலமும் கட்டடமும் சேர்ந்து 22 லட்சம்தான் வருகிறது.

வரிக்கணக்கர்_67
அப்படியானால் 22 லட்சத்தையே எழுதுங்கள். ஆதாயம் 68 லட்சம். பணவீக்கச் சரிக்கட்டல் உங்களுக்குக் கிடையாது. 12.5 சதவீதம் 8 லட்சத்து 50 ஆயிரம். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் 9 லட்சத்து 72 ஆயிரத்து 400. பிடித்தத்தை இந்த அளவுக்குக் குறைக்கத்தான் படிவம் 13. அதை வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்தில் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும். வாங்குபவருக்கு அதில் வேலை இல்லை. ஆனால் அவருடைய டான், அதாவது வரி பிடிப்பவருக்கான எண், இல்லாமல் சான்று கிடைக்காது, ஏனென்றால் அந்த எண்ணின் பேரில்தான் அது வழங்கப்படுகிறது.

சூரமங்கலம்_குமார்
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சான்று எதற்கு? வரி விதிக்கத்தக்க தொகைக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று ஜி.இ. இந்தியா டெக்னாலஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. ஆடிட்டரிடம் ஆதாயக் கணக்கு எழுதி வாங்கி, 68 லட்சத்துக்கு மட்டும் பிடிக்கலாமே?

வரிக்கணக்கர்_67
அந்த வழக்கில், பெறுபவருக்கு இந்தியாவில் வரியே இல்லாத பணத்துக்குப் பிடித்தம் வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு பகுதி மட்டும் வரிக்குரியது என்றால் அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்ற 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படியுங்கள்.

சூரமங்கலம்_குமார்
படித்திருக்கிறேன், ஐயா. அந்தத் தீர்ப்பை விளக்கித்தான் 2010 தீர்ப்பே வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஆதாயத்துக்கு மட்டும் பிடித்த கிரயங்கள் நடந்திருக்கின்றன.

ஏற்காடு அக்கா
நீங்கள் இருவரும் சட்டத்தைப் பேசுகிறீர்கள். அறிவிப்பு வந்தால் அலைபவர் வாங்குபவர். கணக்கு தவறென்று பின்னால் சொன்னால் பணம் கட்ட வேண்டியவரும் அவர்தான். அவர் எப்படித் துணிவார்?

மஸ்கட்_சேலத்தான்
அவர் துணிய மாட்டார் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சான்று வழியிலேயே போகிறேன். முன்பணத்துக்கு என்ன செய்வது?

வரிக்கணக்கர்_67
சான்று அது வழங்கப்பட்ட நாளுக்குப் பின் தரப்படும் பணத்துக்கு மட்டுமே செல்லும். ஜூலையில் கைமாறிய 10 லட்சத்துக்கு 14.3 சதவீதம், அதாவது 1 லட்சத்து 43 ஆயிரம், அன்றே பிடித்திருக்க வேண்டும். வாங்குபவர் உடனே டான் எடுத்து, இந்தத் தொகையையும் மாதம் 1 சதவீத வட்டியையும் கட்டட்டும். ஆகஸ்டுக்குள் பிடித்து அன்றே கட்டினால் இரண்டு மாதக் கணக்கில் வட்டி 2,860 ரூபாய். வரியை மீதித் தொகையில் கழித்துக்கொள்ளலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டின் பிடித்தக் கணக்கான 27Q அறிக்கையை அக்டோபர் 31க்குள் கொடுத்தால் தாமதக் கட்டணம் வராது. பிறகு மீதி 80 லட்சத்துக்கு 8 லட்சத்து 29 ஆயிரத்து 400 பிடிக்கும்படி, ஏறத்தாழ 10.37 சதவீதத்துக்கு, விண்ணப்பியுங்கள்.

ஏற்காடு அக்கா
தம்பி, ஒன்றை மறந்துவிடாதீர்கள். உங்கள் பான் எண் இன்னும் சேலத்து அதிகாரியிடம் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே தேங்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. வருமான வரித் தளத்தில் Know Your AO பகுதியில் பாருங்கள். சர்வதேச வரிப் பிரிவு என்று காட்டாவிட்டால், பாஸ்போர்ட்டில் வந்து போன தேதிகள் உள்ள பக்கங்களோடு மாற்றக் கோரி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் சான்று வருவது கடினம். கிரயத் தேதியைத் தள்ளி வைத்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சூரமங்கலம்_குமார்
ஆதாயத்தில் 50 லட்சத்தை வரிவிலக்குத் தரும் 54EC பத்திரங்களில் போடப் போவதாக உறுதி கொடுத்தால், வரிக்குரியது 18 லட்சம் மட்டுமே ஆகும். கூடுதல் வரியும் விலகி, மொத்த வரி 2 லட்சத்து 34 ஆயிரத்தில் முடியும். விண்ணப்பத்தில் இதையும் கேளுங்கள்.

வரிக்கணக்கர்_67
கேட்கலாம். கிரயத்துக்குப் பின் செய்யப் போகும் முதலீட்டைச் சான்றிலேயே கணக்கில் எடுப்பது அதிகாரிக்கு அதிகாரி மாறுகிறது. அதை நம்பிக் கிரயத்தைத் திட்டமிட வேண்டாம்.

மஸ்கட்_சேலத்தான் (2025 நவம்பர் 6)
சான்று நேற்று வந்தது. 80 லட்சத்துக்கு 10.37 சதவீதம். பான் எண் மாற்றத்துக்கே மூன்று வாரம் ஆனது. 54EC உறுதியை அதிகாரி ஏற்கவில்லை. முதலீடு செய்துவிட்டுக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறச் சொன்னார். கிரயம் அடுத்த வாரம். அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

கன்னங்குறிச்சி வாசகர்
வாழ்த்துகள். என் மனையில் என் அண்ணனுக்கும் பங்கு இருந்தது; அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இருவர் பங்குக்கும் சேர்த்தே 1 சதவீதம்தான் பிடித்தார்கள். அதற்கு இப்போது என்ன செய்வது?